கம்பி, வெள்ளி உருண்டை, மினுக்குத் தூள்: ஒரு கேக் படத்தைப் பிரித்துப் படித்தபோது

வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறவர்களுக்கு ஆர்டர் பெரும்பாலும் படமாகத்தான் வரும். "இதே மாதிரி வேணும் அக்கா" என்று ஒரு படம், கீழே ஒரு தேதி. எடையும் சுவையும் அப்புறம்தான். படத்தில் இருக்கும் கேக்கை யார் செய்தார்கள், அதை யாராவது வெட்டிச் சாப்பிட்டார்களா, அது முழுக்க கேக்தானா என்று எதுவும் தெரியாது. காட்சிக்காகச் செய்து, ஒரு துண்டுகூட வெட்டாமல் கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் நின்ற ஒன்றாகக்கூட அது இருக்கலாம்.

அப்படி வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அதன் அம்மா அனுப்பியது. மூன்று அடுக்கு. நடு அடுக்கு முழுவதும் ரோஸ் கோல்ட் நிறத்தில் உலோகம் போலப் பளபளக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் வெள்ளி உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. மேல் ஓரத்திலிருந்து பூங்கொத்து ஒன்று சரிந்து இறங்குகிறது. அதற்குள் சிறிதும் பெரிதுமாகத் தங்கப் பந்துகள், நடுவே இரண்டு மூன்று வண்ணத்துப்பூச்சிகள். உச்சியில் மினுமினுக்கும் "1".

படத்தைப் பார்த்ததும் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். இது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? இது எதனால் மின்னுகிறது? முதல் கேள்வி கம்பியையும் குச்சியையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் காட்டிக்கொடுக்கும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சர்க்கரையில் செய்த ரோஜாவும் துணியில் செய்த ரோஜாவும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பூங்கொத்திலிருந்து தொடங்கினேன். கேக்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் பூ, பட்டர்கிரீமில் பிழிந்ததாகவோ ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் உருட்டியதாகவோ இருக்கலாம். ஆனால் இதழ்கள் காகிதம் போல மெல்லியதாக விரிந்து, பூவுக்கும் கேக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், உள்ளே கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். காற்றில் சுருண்டு நிற்கும் கொடி, காம்பு நுனியில் தொங்கும் மொட்டு, ஓரமாகத் தலைநீட்டும் முத்துச் சரம் எல்லாம் கம்பி இல்லாமல் அப்படி நிற்காது. இந்தப் படத்தில் ஒரு மொட்டு கேக்கின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது ஒன்றே போதும்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இந்தப் பூக்களின் இதழ் கம் பேஸ்ட்டில் செய்தது. பொடித்த சர்க்கரையும் பிசினும் சேர்த்துப் பிசைந்த மாவு அது, காய்ந்தால் ஓடு மாதிரி கெட்டியாகிவிடும். சாப்பிடக்கூடிய பொருள்தான். ஆனால் முழுப் பூ சாப்பிடக்கூடியதல்ல. ஒவ்வோர் இதழுக்குள்ளும் 28 அல்லது 30ஆம் எண் கம்பி ஓடும் (எண் கூடக்கூட கம்பி மெலியும்). தண்டுக்கு 18 அல்லது 20ஆம் எண். எல்லாவற்றையும் மெழுகு பூசிய பச்சை டேப்பால் சுற்றியிருப்பார்கள். நடுவில் இருக்கும் மகரந்தக் கொத்து கடையில் வாங்கிய நூல், அதன் நுனியில் இருப்பது சாயம் பூசிய கெட்டிக் கலவை. பாதிப் பூ சர்க்கரை என்பதற்காகக் குழந்தை கையில் ஓர் இதழைப் பிய்த்துக் கொடுத்தால், அதோடு கம்பித் துண்டும் வரும்.

இவ்வளவு சொன்னாலும் கம்பிப் பூவை நான் மறுப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற, முழுதாகப் பிடுங்கி எடுக்க முடிகிற பொருள் அது. கம்பியை நேராகக் கேக்கில் குத்துவதுதான் தவறு. காகிதம் சுற்றிய கம்பி கேக்கின் ஈரத்தை உறிஞ்சும், சாயம் இறங்கும், துருப்பிடிக்கும், பிடுங்கும்போது டேப்பின் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கும். பூச்செருகி என்று உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் ஒரு குட்டிக் குழாய் கிடைக்கிறது. ஒரு முனை கூர், மறுமுனை திறந்திருக்கும். அதை முதலில் கேக்கில் இறக்கி, உள்ளே கொஞ்சம் ஃபாண்டன்டை அடைத்து, அதில் கம்பியைச் செருக வேண்டும். குழாயின் வாய் ஐசிங் மட்டத்துக்கு மேலே சற்று நீட்டியிருக்கட்டும். உள்ளே மூழ்கிவிட்டால், வெட்டுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. தனித்தனிப் பூவாகப் பத்து இடத்தில் குத்துவதைவிட, கேக்குக்கு வெளியிலேயே கொத்தாகக் கட்டி இரண்டு மூன்று குழாய்களுக்குள் அடக்கிவிடுவது நல்லது. எடுக்கிறவர் இழுத்தால் கொத்து அப்படியே வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கம்பியைவிட எனக்குப் பயம் தருவது, தெரியாமல் இருக்கும் பல்குத்தும் குச்சிதான். ஃபாண்டன்டில் செய்த யானையின் தலை கழுத்தில் சும்மா ஒட்டி நிற்காது. உருட்டிய ரோஜாவின் கூம்பும் அப்படித்தான், பலர் அதைக் குச்சியில் குத்தி வைத்தே இதழ் சுற்றுகிறார்கள். பொம்மை முழுக்க சர்க்கரை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், குழந்தை தலையைக் கடிக்கும்போது குச்சி வாயில் குத்தும். படத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நிமிர்ந்து நிற்கும் உருவம் எதுவானாலும் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்தவரைக் கேட்பதுதான் வழி. சிறிய உருவங்களுக்கு நான் வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியை உடைத்துப் பயன்படுத்துகிறேன். அதுவும் கெட்டிதான், ஆனால் தின்னக்கூடியது, ஈரம் பட்டால் இளகும். கனமான உருவத்தை அது தாங்காது.

அடுத்தது தங்கப் பந்துகள். படம் அனுப்பிய அம்மா இவற்றைச் சாக்லேட் என்றே நினைத்திருந்தார். சாக்லேட்டிலும் செய்யலாம்தான். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டிச் செய்வதால் நடுவில் மெல்லிய கோடு தெரியும், தூரிகையால் தடவிய தங்கப்பொடியில் தீற்றல்கள் இருக்கும், பளபளப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். எதிரே இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு பந்து பளிச்சென்று இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக். மேற்பரப்பு புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தால் தெர்மாகோல் பந்துக்குச் சாயம் அடித்தது. இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கேக்கின் பக்கவாட்டில் ஒரு பெரிய பந்து எந்தப் பிடிப்பும் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அளவில் சாக்லேட் பந்து கிரீமின் மேல் அப்படி நிற்காது, எடையில் வழுக்கி இறங்கிவிடும். ஆக, பின்னால் குச்சி இருக்கிறது, பந்து எடையில்லாதது. சாயம் அடித்த தெர்மாகோலை நான் கிரீமில் பதிப்பதில்லை. கிரீமின் கொழுப்பில் சாயம் ஒட்டிக்கொண்டு வரும், பந்தை எடுத்த பிறகும் அந்தக் குழியில் தங்கநிறம் நிற்கும்.

வெள்ளி உருண்டைகளுக்கு வருவோம். டிராஜே என்ற பெயரில் விற்கும் இவற்றின் உள்ளே சர்க்கரை, வெளியே உண்மையான வெள்ளிப் படலம். சாப்பிடலாமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகம் இவற்றை உணவாகக் கருதுவதில்லை, அங்கே அலங்காரத்துக்கு மட்டும் என்ற குறிப்போடுதான் விற்பார்கள். ஐரோப்பாவில் வெள்ளிக்கு E174 என்ற எண் கொடுத்து, மிட்டாய்களின் மேற்பூச்சுக்கு அனுமதித்திருக்கிறார்கள். ஒரே உருண்டை ஓரிடத்தில் உணவு, இன்னோரிடத்தில் பொம்மை. தெரியாமல் இரண்டு விழுங்கிய பெரியவர் பதற வேண்டியதில்லை. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் கேக்கில் வெள்ளி என்பது இரண்டாவது பிரச்சினை. சின்னது, உருண்டை, கல் மாதிரி கெட்டி. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ள இதைவிடத் தோதான வடிவம் இல்லை. பெரியவர்களுக்கும் பல் உடையலாம்.

அதே உருண்டை போலத் தெரியும் இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, முத்து மாதிரி மங்கலாக ஒளிரும் சர்க்கரை முத்து. அதில் உலோகம் கிடையாது, மைக்கா என்ற மின்னும் கனிமம் கலந்த நிறம்தான். பொதுவாக டிராஜேயைவிட மென்மையானது, ஆனாலும் கைக்குழந்தைக்கு ஆகாது. இன்னொன்று, ஆபரணம் கோக்கும் பிளாஸ்டிக் மணி. அதைக் கேக்கில் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஒன்றை எடுத்துக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்குங்கள். சர்க்கரை என்றால் வெள்ளைத் தூளாக உடையும். பிளாஸ்டிக் வழுக்கி ஓடும் அல்லது நசுங்கும். இன்னொன்றை வெந்நீரில் போடுங்கள். டிராஜேயின் சர்க்கரை கரைந்து, வெள்ளித் தோல் மட்டும் கசங்கிய துகளாக மிதக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் கைநிறைய அள்ளிப் போட மாட்டார்கள். படத்தில் அடையாளம் காண ஒரு வழி உண்டு. உருண்டைகளுக்கு நடுவே துளையோ நூலோ தெரிகிறதா, சரம் ஒரே வளைவாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்படித் தொங்கினால் அது மணிச் சரம்தான்.

மின்னுகிற விஷயத்துக்கு வந்தால், உண்மையில் நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். கம்பியைப் பிடுங்கலாம், பந்தை எடுக்கலாம். ஐசிங் முழுக்கத் தடவிய தூளை யாரும் எடுக்க முடியாது. ஒவ்வொரு துண்டோடும் அது வாய்க்குள் போகிறது. அதனால் கேக்கின் மேல் இருப்பவற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூள்தான்.

நடு அடுக்கின் ரோஸ் கோல்ட் நிறம் லஸ்டர் டஸ்ட் எனப்படும் மினுக்குப் பொடியால் வருவது. இதில் உண்ணத்தக்கதும் இருக்கிறது, கைவினைப் பொருளுக்கான உலோகப் பொடியும் இருக்கிறது. அதே அளவு குப்பி, அதே நிறம், இரண்டும் ஒரே அலமாரியில். 2018ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 1 முதல் 11 வயது வரையான ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. அந்தக் கேக்கிலும் ரோஸ் கோல்ட் நிறப் பொடிதான் தடவியிருந்தார்கள். சோதித்தபோது ஐசிங்கில் செம்பு மிக அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு மிசூரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடிப் போனபோது, பிறந்தநாள் கேக்கின் பூக்களில் பூசிய மஞ்சள் நிற அலங்காரப் பொடியில் கால்வாசி ஈயமாக இருந்தது தெரிந்தது. இரண்டையும் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ரோஸ் கோல்ட், ஒரு வயதுக் குழந்தை என்று ஓர் ஆர்டர் வந்தால் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

குப்பியில் என்ன பார்க்க வேண்டும்? சேர்மானப் பட்டியல். அது மட்டும்தான். உண்ணத்தக்க பொடியில் சர்க்கரை, கம் அரபிக், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, மைக்கா சார்ந்த நிறமி, உணவு நிறத்தின் எண் என்று ஏதாவது வரிசையாக எழுதியிருக்கும். பட்டியலே இல்லாமல் "நச்சற்றது" என்றோ "அலங்காரத்துக்கு மட்டும்" என்றோ போட்டிருந்தால் அது கேக்கில் வாய்க்குப் போகிற இடத்தில் வரக்கூடாது. நச்சற்றது என்பதற்கு, தெரியாமல் நக்கிவிட்டால் உடனே ஆபத்தில்லை என்ற அளவுக்குத்தான் பொருள். குழந்தைகள் வரையும் மெழுகுக் கட்டியிலும் அதே சொல் இருக்கிறது, அதை நாம் தட்டில் வைத்துப் பரிமாறுவதில்லை. பெரிய டப்பாவிலிருந்து சின்ன பாக்கெட்டில் பிரித்துப் போட்டு, லேபிள் இல்லாமல் விற்பதை நான் வாங்குவதே இல்லை, எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் சரி.

உச்சியில் இருந்த "1" கிளிட்டர் அட்டையில் வெட்டியது. படத்தைப் பெரிதாக்கினால் கூர்மையான புள்ளிகள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் பளிச்சிடும். பிளாஸ்டிக் கிளிட்டர் இயந்திரத்தில் ஒரே அளவாக வெட்டியது என்பதால் அப்படித் தெரிகிறது. உண்ணத்தக்க கிளிட்டர் பிசின் தகட்டை உடைத்தது. துகள்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும், பளபளப்பும் மட்டுதான். கையில் பொருள் இருந்தால் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பிசின் துகள் இளகிக் கரையும். பிளாஸ்டிக் மாறாமல் அப்படியே மின்னும். ஆனால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப வேண்டாம். மைக்கா பொடி உண்ணத்தக்கதானாலும் கரையாது, உலோகப் பொடியும் கரையாது, இரண்டும் அடியில் படியும். பொடி விஷயத்தில் தண்ணீர் தீர்ப்பு சொல்லாது, லேபிள்தான் சொல்லும்.

கிளிட்டர் அட்டையில் இன்னொரு தொல்லை உண்டு. விரலால் தடவிப் பாருங்கள், விரலில் ஒட்டும். உச்சியில் குத்திவைத்தால், கையாளும்போதெல்லாம் உதிர்ந்து மேல் அடுக்கு முழுக்கப் படியும். அட்டையை எடுத்துவிடலாம், உதிர்ந்ததை என்ன செய்வது? பளபளப்பான அக்ரிலிக் அட்டையானால் அந்தப் பிரச்சினை இல்லை, கழுவித் துடைத்துக் குத்திக்கொள்ளலாம்.

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு மாவில் செய்யும் உண்ணத்தக்க தாளிலும் வெட்டலாம், சாதாரணக் காகிதத்திலும் வெட்டலாம். மெலிந்த உணர்கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கம்பி. அடி அடுக்கு கேக்கா தெர்மாகோலா என்பதைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்லவே முடியாது. விளிம்பு கத்தியால் சீவியது போல இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படத்தின் மேல் வட்டம் போட்டு எண் எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். "அக்கா, அப்போ இதில் கேக் எதுதான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "போட்டோவில் அப்படியே வரணும், ஆனா பாப்பா கையை விட்டு அளையப் போறா" என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியத்தை வைத்துத்தான் முடிவெடுத்தோம். குழந்தையின் கை எட்டுகிற கீழ் அடுக்கின் வெளிப்பக்கத்தில் சாப்பிட முடியாத எதுவும் கிடையாது. அங்கே உருண்டைகளுக்குப் பதில் அதே பட்டர்கிரீமை வட்ட முனையால் புள்ளி புள்ளியாகப் பிழிந்து வரிசை வைத்தேன். இரண்டடி தள்ளி நின்று எடுத்த படத்தில் அது முத்து வரிசைதான். நடு அடுக்கு மங்கலான இளஞ்சிவப்பு ஃபாண்டன்ட், அதன் மேல் சேர்மானப் பட்டியல் உள்ள முத்துநிறப் பொடியை உலர்ந்த தூரிகையால் லேசாகத் தட்டியது மட்டும். உலோகப் பளபளப்பு வராது என்று முன்பே சொல்லியிருந்தேன், வரவுமில்லை. பந்துகள் வெள்ளைச் சாக்லேட்டில் சிறியதாக நான்கு, மேல் அடுக்கின் தட்டையான பரப்பில் வைத்தேன், பக்கவாட்டில் அல்ல. பூங்கொத்து மேல் அடுக்கில் மட்டும், கம்பியோடு, இரண்டு குழாய்களில். "1" மொறுமொறுப்பான பிஸ்கட்டில்.

கேக் கைமாறும்போது ஒரு விஷயம் எப்போதும் நடக்கும். ஆர்டர் கொடுத்தவரிடம் நாம் எல்லாம் விளக்கியிருப்போம், ஆனால் வெட்டுவது வேறு யாராவது அத்தையாகவோ நண்பராகவோ இருக்கும். அதனால் செய்தியாக அனுப்பியதோடு விடாமல், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிடுகிறேன். வெட்டும் முன் எடுக்க வேண்டியவை: பூங்கொத்து 1, அதில் குழாய் 2. அடுக்குகளைத் தாங்கும் குச்சி 4, நடு அடுக்குக்குக் கீழே. எண்ணிக்கை போடுவது முக்கியம். "அலங்காரத்தை எடுத்துவிடவும்" என்று மட்டும் எழுதினால், எடுத்தவர் எப்போது நிறுத்துவது என்று அவருக்கே தெரியாது. எண் இருந்தால் வெளியே வந்ததை எண்ணிப் பார்ப்பார், ஒன்று குறைந்தால் தேடுவார். பிடுங்கும் இடத்தைச் சுற்றி ஒரு கரண்டி கேக்கையும் சேர்த்து எடுத்து ஒதுக்கிவிடச் சொல்லியும் எழுதுவேன்.

நீங்கள் கேக் செய்கிறவர் அல்ல, வாங்குகிறவர் என்றால், செய்பவரிடம் பயன்படுத்திய பொடியின் குப்பியைப் பின்பக்கம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நல்ல கைகாரர்கள் கேட்காமலே அனுப்புவார்கள். கேக் சாப்பிட்ட குழந்தை சில மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மருத்துவரிடம் போகும்போது அந்தப் படத்தையும், மின்னுகிற ஐசிங் மீதியிருந்தால் ஒரு டப்பாவில் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.